எதை உற்பத்தி செய்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

மாணவி_திருச்சி

கட்டளைப் பொருளாதாரத்தில் அரசும், சந்தைப் பொருளாதாரத்தில் நுகர்வோரும், கலப்புப் பொருளாதாரத்தில் இருவரும் சேர்ந்தும் தீர்மானிக்கிறார்கள் என்று வகுப்பில் எழுதிக்கொண்டோம். “இருவரும் சேர்ந்து” என்றால் நடைமுறையில் என்ன? ஏதாவது ஒரு பொருளை வைத்து விளக்க முடியுமா?

கோவை வணிகன்

நான் இருபது ஆண்டுகளாக நூல் வியாபாரம் செய்கிறேன். நூலின் மென்மையைக் குறிப்பது நம்பர்; எந்த நம்பர் நூல் ஓடுகிறதோ அதைத்தான் ஆலையிடம் கேட்பேன். ஓடாத நம்பரை ஆலை சில வாரங்களில் நிறுத்திவிடும். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. கடைசியில் துணி வாங்குகிறவர்தான் தீர்மானிக்கிறார். சோவியத் நாட்டில் மாஸ்கோவில் சில அதிகாரிகள் அமர்ந்து எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள். கலப்பு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தெளிவில்லாமல் போவது. என் அனுபவத்தில் வேறுபாடு இவ்வளவுதான்.

பழைய புள்ளியியலாளர்

மாஸ்கோவைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதிதான் சரி, நண்பரே. கோஸ்பிளான் என்ற திட்ட அமைப்பு முக்கியமான பொருள்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சமநிலை அட்டவணை போட்டது. எஃகு என்றால் ஒரு பக்கம் உற்பத்தியும் இறக்குமதியும் கையிருப்பும் இருக்கும். மறுபக்கம் அதைக் கேட்கும் தொழிற்சாலைகளும் கட்டுமானமும் ஏற்றுமதியும் இருக்கும். பற்றாக்குறை வந்தால் எஃகை உயர்த்த வேண்டும். அதற்கு நிலக்கரி கூடுதலாக வேண்டும், நிலக்கரிச் சுரங்கத்துக்கோ மறுபடியும் எஃகு வேண்டும். இந்தச் சுழலைக் கடைசிவரை கணக்கிட்டு முடிக்க அவர்களிடம் நேரம் இருந்ததில்லை. ஆகவே பெரும்பாலும் முன்னுரிமை குறைந்த துறையின் ஒதுக்கீட்டைத்தான் வெட்டினார்கள். அந்த வெட்டு அநேகமாக நுகர்பொருள்கள் மேல்தான் விழுந்தது.

மேலிடத்தில் மொத்த அளவு மட்டுமே தீர்மானமானது என்பதைக் கவனியுங்கள். எஃகுத் தகடு எந்தத் தடிமனில் வர வேண்டும் என்பது திட்டத்தின் அளவுகோலால் தீர்மானமானது. இலக்கு டன் கணக்கில் இருந்தபோது, மேலாளருக்கு மெல்லிய தகட்டை விடத் தடித்த தகட்டில் இலக்கை எட்டுவது எளிது, போனஸும் அதைப் பொறுத்தே வரும். மெல்லிய தகடு தேவைப்பட்ட தொழிற்சாலை, தடித்ததை வாங்கிச் சீவி எடுத்து, சீவலைக் கழிவாக எறிந்தது. மாஸ்கோவில் யாரும் “தடித்த தகடு செய்” என்று சொல்லவில்லை. இவ்வாறான சிக்கல்களைச் சரிசெய்யத்தான் 1965இல் சோவியத் பிரதமர் கோசிகின் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் மொத்த உற்பத்திக்குப் பதிலாக விற்பனையை இலக்காக வைத்தார்கள். ஆனால் விலையையும் அரசே நிர்ணயித்ததால், விற்பனை என்ற அளவுகோலும் வாங்குபவரின் விருப்பத்தைப் போதுமான அளவுக்கு எதிரொலிக்கவில்லை.

மேட்டூர் மணி

இது ஆலையின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி அல்லவா? அரசு ஆலையாக இருந்தால் அரசு தீர்மானிக்கும், தனியார் ஆலையாக இருந்தால் முதலாளி தீர்மானிப்பார். நம் நாட்டில் இரண்டும் இருப்பதால் கலப்பு என்கிறோம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பழைய புள்ளியியலாளர்

மணி, நீங்கள் சொல்வது உடைமையைப் பற்றியது. மாணவி கேட்டது முடிவைப் பற்றியது. இரண்டும் பிரிந்து போகும் இடத்தில்தான் அவருடைய கேள்விக்கு விடை இருக்கிறது. கோவை நண்பரின் நூலையே எடுத்துக்கொள்வோம்.

தனியார் ஆலை ஒன்று உள்நாட்டுச் சந்தைக்கு ஒரு காலாண்டில் 1,00,000 கிலோ நூல் அனுப்புகிறது என்று வையுங்கள். விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் அது கூம்பு வடிவக் கோனில் சுற்றி வர வேண்டும். கைத்தறி நெசவாளருக்குச் சிட்டா நூலாக, அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலாக வர வேண்டும், ஏனென்றால் சாயம் தோய்ப்பதும் பாவு ஓட்டத் தயார் செய்வதும் அவருக்குச் சிட்டாவில்தான் தோதாக வரும். கோன் ஆலைக்கு எளிது. சிட்டாவுக்கு அதைச் சுற்றித் தரும் ரீலிங் பிரிவும் ஆட்களும் தனியாக வேண்டும். ஆலையின் விருப்பத்துக்கு விட்டால் பெரும்பகுதி கோனாகத்தான் வெளிவரும். எனவே அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு ஒரு கட்டாயம் வைத்தது. அனுப்பும் நூலில் 50 சதவீதம் சிட்டாவாக இருக்க வேண்டும் என்ற விதி 2003இல் 40 ஆகவும், 2019இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. நம் ஆலை 30,000 கிலோவைச் சிட்டாவாகக் கட்ட வேண்டும். அதில் 80 சதவீதம், அதாவது 24,000 கிலோ, 80ஆம் நம்பர் அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட நூலாக இருக்க வேண்டும்.

ஆலை தனியாருடையது, நெசவாளரும் தனியார், விலையும் சந்தை விலை. ஆனால் நூல் எந்த வடிவில் பிறக்க வேண்டும் என்பதிலும் சிட்டாவின் நம்பர் வரம்பிலும் மட்டும் அரசின் கை இருக்கிறது. அந்த வரம்புக்குள் எந்த நம்பர், எந்தத் தரம், என்ன விலை என்பவை வாங்குபவருக்கும் ஆலைக்கும் இடையில் முடிவாகின்றன. மாணவி கேட்ட “சேர்ந்து” என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஒரே முடிவை இருவர் எடுப்பதில்லை, ஒரு பொருளைப் பற்றிய பல முடிவுகள் பலரிடம் பிரிந்து கிடக்கின்றன.

கோவை வணிகன்

சிட்டா கட்டாயத்தை நான் முன்பே குறிப்பிட்டிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது களத்தில் எப்படி நடக்கிறது என்பதையும் மாணவி அறிய வேண்டும். ரீலிங் பிரிவே இல்லாத ஆலை, தன் பங்கைக் கூடுதலாகச் செய்து தரும் வேறோர் ஆலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கட்டாயத்தை மாற்றிக்கொள்ளலாம். அதை விதியே அனுமதிக்கிறது. அந்த மாற்றத்துக்கும் ஒரு சந்தை விலை உண்டு. இன்னொன்று, சிட்டாவுக்கு வரிச் சலுகை இருந்த காலத்தில் அதில் ஒரு பகுதி கைத்தறிக்குப் போகாமல் விசைத்தறிக்குப் போய், அங்கே மறுபடியும் கோனில் சுற்றப்பட்டது. அரசு எந்தக் கதவை அடைத்தாலும் சந்தை பக்கவாட்டில் ஒரு வழி கண்டுபிடிக்கிறது. நெசவாளருக்கு உதவ வேண்டுமென்றால் நூல் வாங்கும்போது அவருக்கு நேரடியாக மானியம் கொடுங்கள், ஆலையை விட்டுவிடுங்கள்.

வைகைக்கரை

நேரடி மானியம் கையில் இருந்தாலும், சிட்டா செய்யும் ஆலை இல்லாவிட்டால் அந்தப் பணத்தை வைத்து நெசவாளர் என்ன வாங்குவார்? நான் மருந்துத் துறையில் இருப்பதால் ஒரு மருந்தைச் சொல்கிறேன். எஃப்ளோர்னிதின் ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்குப் பயன்படுவது. மயக்கத்தில் கிடந்தவர்களையும் எழுப்பியதால் அதைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. நோயாளிகள் ஏழைகள். 1995இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதே மருந்துப்பொருள், பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் பூச்சாக 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வாங்குபவர் இருந்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனத்துடன் 2001இல் ஏற்பட்ட ஓர் உடன்பாட்டின் மூலமாகத்தான் நோயாளிகளுக்கான ஊசி மருந்து மறுபடியும் கிடைக்கத் தொடங்கியது.

எனவே “நுகர்வோர் தீர்மானிக்கிறார்” என்பதில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. பணம் உள்ள நுகர்வோர் தீர்மானிக்கிறார் என்று எழுத வேண்டும். தேவை எவ்வளவு உயிர் பறிக்கக்கூடியதாக இருந்தாலும், அது பணமாக மாறாவிட்டால் தொழிற்சாலையின் காதில் விழுவதில்லை.

மன்னார்குடி உழவன்

ஐயா, எனக்கு நூலும் தெரியாது, மருந்தும் தெரியாது, நான் நெல் போடுகிறேன். எனக்கு யாரும் நெல் போடு என்று உத்தரவு போட்டதில்லை, எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சம்பா முடிந்து அறுவடை ஆகும்போது எங்கள் ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்ச ஆதார விலை என்ன என்பதும் முன்கூட்டியே தெரியும். உளுந்துக்கும் ஆதார விலை அறிவிக்கிறார்கள். ஆனால் அதை நெல்லைப் போல் ஊர் ஊராக வாங்குவதில்லை, வியாபாரி சொன்னதுதான் விலை. அதனால் உளுந்தைத் தாளடிக்குப் பின் ஈரம் இருக்கும்போது தெளித்துவிட்டு, முக்கியப் பயிராக நெல்லையே வைத்திருக்கிறேன்.

போன தைக் கடைசியில் மழை பெய்தது. ஈரப்பதக் கருவியில் 19 காட்டியது, 17க்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். இரண்டு நாள் ரோட்டில் தார்ப்பாயை விரித்துக் காயவைத்துப் போட்டேன். அந்த இரண்டு நாளும் நான் யோசித்தது இதைத்தான்: என் வயலில் என்ன விளைய வேண்டும் என்பதை முடிவு செய்தது நானா, அந்தக் கருவியா?

பழைய புள்ளியியலாளர்

உழவர் ஐயா, உங்கள் நெல்லைச் சிட்டா நூலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. நூலில் அரசு அளவைக் கட்டாயப்படுத்தி விலையைச் சந்தைக்கு விட்டது. நெல்லில் அளவை உங்களிடம் விட்டு, விலைக்கும் விற்பனைக்கும் உறுதி கொடுத்தது. முதலாவதில் கட்டாயத்தை மாற்றிக்கொள்ளும் வணிகம் முளைத்தது. இரண்டாவதில் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர் பரவியது, கிடங்குகளில் அரிசி குவிந்தது. இரண்டிலும் யாரும் துப்பாக்கி காட்டவில்லை. ஆனாலும் உங்கள் தெரிவில் அரசின் அறிவிப்பு ஏறத்தாழ ஓர் உத்தரவைப் போலவே வேலை செய்கிறது.

கோவை வணிகன்

அப்படியானால் உளுந்தையும் நெல்லைப் போலவே முழுவதுமாக வாங்க வேண்டும் என்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் உறுதி கொடுத்தால் கோஸ்பிளானின் அட்டவணைக்குத்தானே திரும்புவோம்?

வைகைக்கரை

எல்லாவற்றுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பணமில்லாதவரின் தேவை எங்கே உயிரைத் தொடுகிறதோ அங்கே மட்டும் என்கிறேன். அந்த எல்லையை யார் வரைவது என்பதில் எனக்கும் தெளிவான விடை இல்லை.

மேட்டூர் மணி

சொந்தக்காரர் யார் என்பது போதாது என்று இப்போது புரிகிறது. ஆனால் அரசு ஆலையில் நட்டத்தை மக்கள் சுமக்கிறார்கள், தனியார் ஆலையில் முதலாளி சுமக்கிறார். சிட்டா கட்டாயத்தால் வரும் கூடுதல் செலவு ஆலையிடமே நிற்கிறதா, அல்லது கோன் நூல் வாங்குகிறவர் தலையில் விழுகிறதா?

கோவை வணிகன்

ஓட்டம் நன்றாக இருக்கும் மாதத்தில் கோன் விலையில் சேர்த்து வாங்கிவிடுவார்கள். மந்தமான மாதத்தில் ஆலையே தாங்கும். மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஒரே விடை சொல்ல முடியாது.

மாணவி_திருச்சி

அனைவருக்கும் நன்றி. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அடுத்த வாரம் போகிறேன். அங்கு வரும் சிட்டா நூல் எந்த ஆலையில் கட்டப்பட்டது, நெசவாளர்கள் கேட்ட நம்பரா வந்த நம்பரா என்று விசாரித்து இங்கே எழுதுகிறேன்.