கிரேடு 3 என்று படித்து மூன்றாம் ஸ்டேஜ் என்று நான்கு நாள் அழுதோம்

பாம்பன்காரி

எனக்கு வயது 49. இடது மார்பில் கட்டி இருப்பது போன தடைக்காலத்திலேயே தெரியும். வலி இல்லை, அதனால் கருவாடு காயப்போடும் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மனசு வரவில்லை. அப்புறம் ஊசியில் சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய் என்று வந்தது. அந்தச் சீட்டில் கிரேடு 2 என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து மதுரையில் மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள்.

ரிப்போர்ட் ஒரு வியாழக்கிழமை வந்தது. கவுண்டரில் கவரைக் கொடுத்து, டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். ராமநாதபுரம் தாண்டுவதற்குள் மகன் பஸ்ஸிலேயே கவரைப் பிரித்துவிட்டான். போட்டோ எடுத்து கத்தாரில் இருக்கும் என் கொழுந்தனுக்கு அனுப்பினான். உச்சிப்புளி வருவதற்குள் போன் வந்தது. "மதினி, இதுல மூணுன்னு போட்டிருக்கு. போன சீட்டுல ரெண்டு. மூணு வாரத்துல ஒரு ஸ்டேஜ் ஏறிருச்சு."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் வல்லத்தை விற்றால் என்ன கிடைக்கும் என்று அன்று ராத்திரியே விசாரித்தார். இன்னொரு இடத்தில் 0/16 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பதினாறு இடத்தில் பரவிவிட்டது என்றும் அவரே முடிவு செய்துகொண்டார்.

திங்கட்கிழமை டாக்டர் பென்சிலால் கடைசி வரியைச் சுழித்தார். pT2 pN0. "ரெண்டாம் ஸ்டேஜும்மா, அதுலயும் முன்பாதி, 2ஏ. மூணுன்னு யார் சொன்னா?" என்றார். ரிப்போர்ட் முழுக்கத் தேடிவிட்டேன், ஸ்டேஜ் என்ற சொல்லே அதில் இல்லை. கிரேடு 2 எப்படி 3 ஆனது என்று கேட்டேன். "அது சின்னத் துணுக்கு, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு அது போதவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி மரைக்கான்

அக்கா, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள் இல்லையா, அதை வைத்துச் சொல்கிறேன். காற்று எவ்வளவு வேகம் என்பது கிரேடு. புயல் கரைக்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்பது ஸ்டேஜ். வேகம் கூடினால் கிட்ட வரும், அதனால் கிரேடு ஏறினால் ஸ்டேஜும் பின்னாலேயே ஏறும். என் உம்மாவுக்கும் இதே நோய்தான், ஆனால் கிரேடு 1. ஆரம்பம்தானே என்று நிம்மதியாகிவிட்டோம். ஆபரேஷன் முடிந்து டாக்டரைப் பார்க்கச் சொன்ன தேதியைக்கூட வீட்டில் கல்யாணம் இருந்ததால் மூன்று வாரம் தள்ளி வைத்திருக்கிறோம்.

பழைய லேப் ஆள்

சொந்த ஊர் உச்சிப்புளி. திசு பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் டெக்னீசியன். சதையை மெழுகில் பதித்துச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி டாக்டர் மேசையில் வைத்த ஆள். கிரேடு போடுவது என் வேலை இல்லை, ஆனால் போடுகிறவர்களின் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

பாம்பன் தங்கச்சி, உங்கள் ரிப்போர்ட்டில் கிரேடு 3க்குப் பக்கத்தில் மூன்று எண்களைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். அது என்ன? ஊசிச் சீட்டிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? இரண்டையும் எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

பாம்பன்காரி

பெரிய ரிப்போர்ட்டில் 3+3+2=8. ஊசிச் சீட்டில் 3+3+1=7. கட்டியின் பெரிய அளவு 2.6 செ.மீ.

பழைய லேப் ஆள்

நினைத்தேன். உங்கள் கொழுந்தன் சொன்ன ‘ஒரு ஸ்டேஜ்’ என்பது அந்த ஒரே ஒரு மார்க்தான்.

மார்புப் புற்றில் மைக்ராஸ்கோப்பில் மூன்று விஷயம் பார்ப்பார்கள். செல்கள் சேர்ந்து பால் குழாய் மாதிரி வளையம் கட்டுகின்றனவா, இல்லை கண்டபடி குவிந்து கிடக்கின்றனவா என்பது முதல் எண். செல்லின் கரு எவ்வளவு ஊதி, ஒன்றுக்கொன்று உருவம் மாறிக் கிடக்கிறது என்பது இரண்டாவது. எத்தனை செல்கள் அந்த நேரத்தில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க். பூஜ்யம் கிடையாது, அதனால் எவ்வளவு சாதுவான கட்டிக்கும் கூட்டுத்தொகை 3க்குக் கீழே வராது. 5 வரை வந்தால் கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3.

உங்களுக்கு முதல் இரண்டு எண்களும் மாறவே இல்லை. பிரியும் செல்களின் எண்ணிக்கைதான் 1லிருந்து 2 ஆகியிருக்கிறது. ஊசியில் வருவது நூல்கண்டு நூலைவிடக் கொஞ்சம் தடிமனான துணுக்கு. பிரியும் செல்கள் கட்டி முழுக்க ஒரே சீராக இருக்காது, ஓரத்தில் ஓர் இடத்தில் மொய்த்துக் கிடக்கும். ஊசி அந்த இடத்தில் இறங்கவில்லை என்றால் குறைவாகத்தான் எண்ண முடியும். முழுக் கட்டியும் கைக்கு வந்தபிறகு மும்முரமான இடத்தைத் தேடிப் பார்த்து எண்ணுவார்கள். ஆகவே மூன்று வாரத்தில் எதுவும் ஏறவில்லை. முதலிலேயே இருந்தது இப்போது கண்ணில் பட்டிருக்கிறது. (எடுத்த சதையை ஃபார்மலினில் போடத் தாமதித்தாலும் இந்த எண்ணிக்கை குறைந்து தெரியும். அந்த வயிற்றெரிச்சலை வேறொரு நாள் பேசுவோம்.)

ஸ்டேஜுக்கு வேறு கணக்கு. 2.6 செ.மீ. என்பது 2க்கு மேல், 5க்குள், அதனால் T2. 16 நெறிக்கட்டியை எடுத்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்ததில் ஒன்றில்கூட இல்லை, அதுதான் 0/16, அதனால் N0. முன்னால் உள்ள சின்ன p, ஸ்கேனில் பார்த்து ஊகித்தது இல்லை, எடுத்த சதையைப் பார்த்துச் சொன்னது என்று காட்டுவதற்கு. மூன்றாவதாக ஒரு M உண்டு, எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தூரமாகப் போயிருக்கிறதா என்பது. அதை எங்கள் ரிப்போர்ட்டில் தேடாதீர்கள். எங்களுக்கு வந்தது டப்பாவில் இருந்த மார்பும் அக்குள் கொழுப்பும்தான், உங்கள் எலும்பு எங்களிடம் வரவில்லை. ஸ்கேன்களையும் சேர்த்துவைத்துப் பார்த்து ஸ்டேஜ் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். அதனால்தான் அந்தச் சொல் ரிப்போர்ட்டில் இல்லை.

தொண்டித் தம்பி, உங்கள் கூண்டு உவமை பாதிவரைக்கும் சரி. புயல் வரவர வேகம் பிடிக்கும், கூண்டு எண்ணும் ஏறும். கட்டி பெரும்பாலும் அப்படி இல்லை. கிரேடு 1 என்பது கிரேடு 1 ஆகவே இருந்து, மெதுவாக, யாருக்கும் தெரியாமல் அக்குளுக்குப் போய்ச் சேரலாம். உம்மாவுடைய ரிப்போர்ட்டில் நெறிக்கட்டி வரியைப் பார்த்தீர்களா?

தேவிபட்டினம் மகன்

எங்கள் அப்பாவுக்கும் கூட்டல் கணக்குதான் போட்டிருக்கிறார்கள். 4+3=7. பாம்பன் அக்காவுக்கே 8தான், அப்படியானால் அப்பாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கிரேடு 2தானே வருகிறது? அப்பாவுக்கு 71 வயது, புராஸ்டேட்.

பழைய லேப் ஆள்

எடுத்துக்கொள்ளக் கூடாது தம்பி. புராஸ்டேட்டுக்கு முற்றிலும் வேறு அளவுகோல், அதற்கு கிளீசன் என்று பெயர். அங்கே கூட்டுவது இரண்டே எண்கள். கட்டியில் அதிகமாகக் கிடக்கும் உருவம் முதலில், அடுத்தது இரண்டாவதாக. அதனால் 3+4 என்றாலும் 7, 4+3 என்றாலும் 7, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 4 முதலில் வந்தால் முரட்டு வகை அதிகம் என்று பொருள். இப்போதெல்லாம் பக்கத்திலேயே கிரேடு குரூப் என்று ஒன்று போடுவார்கள். 3+4க்கு 2, உங்கள் அப்பாவின் 4+3க்கு 3. அதை வைத்து யூராலஜி டாக்டரிடம் பேசுங்கள். மார்புக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மண்டபம் நர்ஸ்

ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு வேறு அனுபவம். என் அக்காவுக்கு ஒரு டாக்டர் எழுதிய ஸ்டேஜும் சென்னையில் இன்னொருவர் எழுதிய ஸ்டேஜும் வேறாக இருந்தன. ரிப்போர்ட் ஒன்றேதான். சண்டைக்கே போய்விட்டேன். அப்புறம்தான் புரிந்தது. முதலாமவர் அளவு, நெறிக்கட்டி, தூரப் பரவல் மூன்றை மட்டும் வைத்துச் சொன்னார். இரண்டாமவர் 2018லிருந்து வந்திருக்கும் புது முறையில், கிரேடு, ஹார்மோன் ஏற்பி, ஹெர்-டூ என்ற புரதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். ஆக மார்பைப் பொறுத்தவரை கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு என்று முழுசாகப் பிரித்துவிட முடியாது. பாம்பன் அக்காவுக்குச் சொன்ன 2ஏ பழைய கணக்கு மாதிரி தெரிகிறது. புது முறையில் அதுவே வருமா, மாறுமா என்று அவரிடமே கேட்பது நல்லது.

பழைய லேப் ஆள்

நியாயம். நான் ஓய்வு பெற்றபோது இந்தப் புது முறை வரவில்லை. என் கைக்கு எட்டாத விஷயம், நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

பாம்பன்காரி

மகன் இப்போது இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான். ஈஆர் என்ற இடத்தில் 7/8 என்று இருக்கிறதாம். "எட்டுக்கு ஏழு போயிருச்சேம்மா" என்கிறான். ஹெர்-டூவில் 1+.

மண்டபம் நர்ஸ்

அந்த ஏழு நோயின் மார்க் இல்லை அக்கா. உங்கள் கட்டி ஹார்மோனுக்கு எவ்வளவு வலுவாக இணங்குகிறது என்பதன் மார்க். அது கூடுதலாக இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஹெர்-டூ 1+ என்பதை நெகட்டிவ் என்றே எடுப்பார்கள். மகனிடமிருந்து அந்தச் சீட்டை வாங்கி ஒளித்து வையுங்கள்! ஆனால் கிரேடு 3 என்பதால் கீமோ தேவையா என்ற பேச்சு கட்டாயம் வரும். நெறிக்கட்டி சுத்தமாக இருக்கிறதே, எதற்குக் கீமோ என்று வீட்டில் கேட்பார்கள். அதை டாக்டரிடம் கேளுங்கள், வீட்டில் தீர்மானிக்காதீர்கள்.

ஏர்வாடிக்காரர்

கீமோவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுபடுமா? எந்த ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு?

மண்டபம் நர்ஸ்

அண்ணே, இங்கே ரிப்போர்ட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் ஒன்று: வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் வெறும் காகிதத்தோடு போகாதீர்கள். கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். அங்கே இன்னொருவர் தன் கண்ணால் பார்த்துக்கொள்வார்.

தொண்டி மரைக்கான்

ஐயா கேட்ட பிறகு ராத்திரி உம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கிரேடு 1, கூட்டு 5. அதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குக் கீழே கட்டி 3 செ.மீ., நெறிக்கட்டி 5/14, கடைசியில் pT2 pN2 என்று இருக்கிறது. பதினாலில் ஐந்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பழைய லேப் ஆள்

ஆமாம் தம்பி. நான்கிலிருந்து ஒன்பது நெறிக்கட்டி வரை N2. நான் பழகிய கணக்கில் அது மூன்றாம் ஸ்டேஜில் வரும். தங்கச்சிக்குக் கிரேடு 3, ஸ்டேஜ் 2. உங்கள் உம்மாவுக்கு அப்படியே தலைகீழ். கல்யாணம் எப்போது?

தொண்டி மரைக்கான்

அடுத்த ஞாயிறு. நாங்கள் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். உம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.