சதவீதப் புள்ளியா, சதவீத அலகா?

மட்டக்களப்பு, வரைபடம் தயாரிப்பவர்

வற் வரி ஏறி வந்த கதையை ஒரு சுவரொட்டிக்காக வரைபடமாக்குகிறேன். 2024 ஜனவரி 1ஆம் திகதி 15 சதவீதம் 18 ஆனது. அந்தத் தூணுக்கு மேலே "3% அதிகரிப்பு" என்று எழுதினேன். பார்த்த ஒருவர் "பிழை, 20% அதிகரிப்பு" என்கிறார். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் வாசிப்பவர் எதை எடுப்பார்? அந்த 3க்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும்.

கல்முனை, கணித ஆசிரியை

20 தான் சரி. மாற்றத்தைப் பழைய பெறுமதியால் வகுக்க வேண்டும். 3 கீழ் 15, அதாவது ஐந்தில் ஒன்று. 3% என்பதை அழித்துவிட்டு 20% என்று போடுங்கள், தம்பி.

அக்கரைப்பற்று, கணக்காளர்

கணக்கு சரி, ரீச்சர். ஆனால் சுவரொட்டியில் 20% மட்டும் நின்றால், சாமான் விலையே ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று சனம் நினைக்கும். வரிக்கு முந்திய விலை 1000 ரூபாய் என்றும் அது மாறவில்லை என்றும் வைப்போம். முன்பு 1150 கொடுத்தவர் இப்போது 1180 கொடுக்கிறார். கையை விட்டுப் போவது 30 ரூபாய்தான், பழைய விலையில் சுமார் 2.6%. ஆக ஒரே மாற்றத்துக்கு மூன்று எண்கள்: வரி வீதம் 3 ஏறியது, அரசுக்குப் போகும் வரி 20% கூடியது, வாங்குபவரின் செலவு 2.6% கூடியது. மூன்றும் உண்மை. எது எதனுடைய மாற்றம் என்று எழுதாத வரைபடம்தான் ஏமாற்றுகிறது.

அந்த 3க்கு "சதவீதப் புள்ளி" என்பதே என் தெரிவு. வட்டி வீதச் செய்திகளில் "அடிப்படைப் புள்ளி" ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை 700 அடிப்படைப் புள்ளிகளால் உயர்த்தியது. அது 7 சதவீதப் புள்ளி. இரண்டு சொல்லும் ஒரே குடும்பமாக இருக்கும்.

கல்முனை, கணித ஆசிரியை

மூன்று எண் விஷயத்தை ஏற்கிறேன், சேர். "புள்ளி"யை ஏற்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் புள்ளி என்றால் பரீட்சைப் புள்ளி. சித்தி வீதம் 40இலிருந்து 45 ஆனதை "5 சதவீதப் புள்ளி உயர்வு" என்று ஒட்டினால், ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து புள்ளி கூட எடுத்ததாகத்தான் வாசிப்பார்கள். தசமப் புள்ளியும் சேர்ந்தால் "இரண்டு புள்ளி ஐந்து சதவீதப் புள்ளி" என்று வாசிக்க வேண்டி வரும். "சதவீத அலகு" என்று வையுங்கள்.

சம்மாந்துறை, விவசாயி

எனக்கும் இதே பிரச்சினை. போன போகம் ஏக்கருக்கு 20 மூடை, இந்தப் போகம் 24. இதை 4 அலகு என்று போடுவதா, 20% என்று போடுவதா?

அக்கரைப்பற்று, கணக்காளர்

உங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, ஐயா. 4 மூடை கூடியது என்றாலும் 20% கூடியது என்றாலும் யாரும் குழம்ப மாட்டார்கள், ஏனென்றால் மூடை வேறு, சதவீதம் வேறு. அளக்கும் பொருளே சதவீதமாக இருக்கும்போதுதான் இரண்டு மாற்றமும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகின்றன.

மட்டக்களப்பு, வரைபடம் தயாரிப்பவர்

பிழை எங்கே நுழைந்தது என்று பார்த்தேன். எக்செல் தாளில் A2 15%, B2 18%. சதவீத வடிவில் இருக்கும் கலங்களில்:

```
=B2-A2         3%
=(B2-A2)/A2    20%
```

இரண்டுக்கும் அதே குறிதான் வருகிறது, அதுவே நேராக வரைபடத்துக்குப் போய்விடுகிறது. இப்போது முதலாவதை 100ஆல் பெருக்கி, எண் வடிவத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

```
=(B2-A2)*100
+0.0" சத. அலகு";-0.0" சத. அலகு"
```

குறையும்போதும் அடையாளம் சரியாக வர இரண்டாவது பகுதி தேவை. தூணுக்கு மேலே "15% → 18%" என்று முழுதாகவும், அதன் கீழே "வரி வீதம் 3 சதவீத அலகு உயர்வு" என்றும் போடுகிறேன். 20% வேண்டுமென்றால் "ஒரே பொருளுக்கான வரித் தொகை 20% அதிகம்" என்று தனி வரியில் வரும்.

அக்கரைப்பற்று, கணக்காளர்

லேபிள் நன்றாக இருக்கிறது. "அலகு" எனக்கு இன்னும் உறுத்துகிறது. மின்சாரப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கு அலகு என்றால் மின் அலகுதான். பாடசாலை வரைபடத்துக்கு அலகு, வட்டிக்கும் வரிக்கும் புள்ளி என்று விட முடியாதா?

கல்முனை, கணித ஆசிரியை

அதே பிள்ளைதான் நாளைக்கு வங்கி அறிக்கையும் வாசிக்கப்போகிறது, சேர். இரண்டு சொல் வேண்டாம். "சத. அலகு" என்ற சுருக்கத்துக்கும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை, இலங்கையில் சதம் என்றால் காசு. இடம் இருக்கும் இடமெல்லாம் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.