வணக்கம் சொல்லிட்டு நிக்கிற பிள்ளைகிட்ட கேள்வியை எப்படி வாங்குறது?

குடியாத்தம்_கணக்கு: பதினொன்றாம் வகுப்புப் பையன். வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு வர்றான். "வணக்கம் சார்"னு சொல்லிட்டு பீரோ ஓரமா நிக்கிறான். "என்னப்பா, சந்தேகமா?"ன்னு கேட்டா "இல்ல சார்". போகவும் மாட்டேங்கிறான். எப்படி வாயைத் திறக்க வைக்கிறது?

ராணிப்பேட்டை_கறார்: ரூம் வாசல்ல ஒரு போர்டு மாட்டுங்க சார், மாலை 4 முதல் 4.30 வரைதான் பார்க்கலாம்னு. நாலு நாள்ல சும்மா வந்து நிக்கிறது நின்னுடும்.

ஆம்பூர்_டீச்சர்: அண்ணா, அவர் பையனைத் துரத்த வழி கேக்கல. கேள்வியை வாங்க வழி கேக்குறார்.

ராணிப்பேட்டை_கறார்: சரி, அவசரமாப் படிச்சுட்டேன். ஆனா நேராக் கேட்டா நேரா பதில் வரணும். பதினாறு வயசுப் பையன் அவன், குழந்தை இல்ல.

காட்பாடி_வாத்தியார்: நேராக் கேட்டதுதான் இங்க தப்பாப் போச்சு. "சந்தேகமா?"ங்கிற கேள்விக்கு ஆமா, இல்லன்னு ரெண்டே பதில். பக்கத்து மேஜையில மூணு ஆசிரியர்கள் உக்காந்திருக்கிறப்போ "ஆமா"ன்னா நாலு பேர் முன்னாடி புரியலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அதனால "இல்ல"ன்னுடுவான். சொன்னதுக்கப்புறம் வாயைத் திறந்தா, முதல்ல சொன்னது பொய்யாயிடும். வந்த பத்து செகண்டுல அவனை அந்த மூலைக்குத் தள்ளிட்டு, அப்புறம் ஏன் பேசலன்னு கேக்குறோம்.

அவன் வந்ததும் கேள்வி எதுவும் வேண்டாம். "வாப்பா, இந்த ஸ்டூல்ல உக்காரு, இந்த ரெண்டு தாளை முடிச்சிடறேன்"னு சொல்லுங்க. ஸ்டூல் மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருக்கக் கூடாது, உங்க பக்கத்துலயே போடணும். எதிர்ல உக்கார வச்சா விசாரணை மாதிரி ஆயிடும். பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேர் கண்ணும் ஒரே தாள் மேல இருக்கும்.

வேலூர்_சித்தப்பா: நோட்டை வாங்கிப் பாத்தாலே தெரிஞ்சிடுமே. "நோட்டைக் காட்டு", அவ்வளவுதான். எங்க அடிச்சு அடிச்சு எழுதியிருக்கானோ அதுதான் கேள்வி.

காட்பாடி_வாத்தியார்: பாதி சரி, சித்தப்பா. அடிச்ச இடத்தைத் தேடறது சரிதான். ஆனா "நோட்டைக் காட்டு"ன்னதும் வீட்டுப்பாடம் திருத்தப்போறாருன்னு நெனச்சு நல்ல நோட்டைத்தான் நீட்டுவான். அதுல இருக்கிறது போர்டுல இருந்து பாத்து எழுதினது, ஒரு அடித்தல்கூட இருக்காது. உண்மை கடைசிப் பக்கத்துல, ரஃப் போட்ட இடத்துல இருக்கும். அதைக் காட்டச் சொன்னா வெக்கப்படுவான். அதனால நோட்டே வேண்டாம். உங்க தாள், உங்க பேனா ரெண்டையும் குடுத்து, இந்த வாரம் நடத்தின கணக்குல ஒண்ணைப் போடச் சொல்லுங்க.

உதாரணத்துக்கு எல்லை மதிப்புப் பாடத்தையே எடுத்துக்குவோம். x என்பது 2-ஐ நெருங்கும்போது (x² − 4)/(x − 2) என்ன ஆகும்னு கணக்கு. மேல இருக்கிறதை (x − 2)(x + 2)-ஆப் பிரிப்பான். அது சுலபம், கை ஓடும். அடுத்து மேலயும் கீழயும் (x − 2)-ஐ அடிக்கணும். அங்க பேனா நின்னாலும் சரி, கோட்டை லேசாப் போட்டுட்டு உங்க முகத்தைப் பாத்தாலும் சரி, கேள்வி அங்கதான் இருக்கு. "x 2-ன்னா கீழ பூஜ்யம் ஆயிடுதே, பூஜ்யத்தை எப்படி அடிக்கிறது?"ன்னு மனசுக்குள்ள ஓடுது. நல்ல கேள்வி அது. இவ்வளவு சின்ன விஷயமான்னு சிரிப்பாங்களோன்னு அவனுக்கு பயம்.

அப்பவும் "புரியலையா?" வேண்டாம். "இந்த வரியில பல பேருக்கு உறுத்தும். உனக்கு மேல உறுத்துதா, கீழ உறுத்துதா?"ன்னு கேளுங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் அவமானம் இல்ல. "கீழ சார்"னு ஒரு வார்த்தை வந்துட்டா மீதி தானா வரும்.

ராணிப்பேட்டை_கறார்: வரலன்னா?

காட்பாடி_வாத்தியார்: சும்மா இருக்கணும். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைக் கவனிச்சு எழுதினாங்க: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டினாலே பிள்ளைங்க பதில் நீளுது, பதில் சொல்லாம விடறதும் குறையுதுன்னு. அது வகுப்புல பாத்தது. தனியா இருக்கிற பையனுக்கு நான் இன்னும் அதிகமாவே விடுவேன்.

ஆம்பூர்_டீச்சர்: இங்க ஒத்துக்க மாட்டேன். வகுப்புல நாப்பது பேருக்கு நடுவுல வர்ற மௌனம் வேற, ரூம்ல வாத்தியார் முகத்தையே பாத்துக்கிட்டிருக்கிற மௌனம் வேற. ரெண்டாவது பயமுறுத்தும். எங்க பக்கம் வீட்ல உருது பேசற பிள்ளைங்க நிறைய. பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசற வீடுகளும் உண்டு. அவங்க சந்தேகத்தைத் தமிழ்ல வாக்கியமாக் கோக்கறதுக்குள்ள நாம முறைச்சுப் பாத்தா அந்த வாக்கியமே ஓடிடும்.

காட்பாடி_வாத்தியார்: சரியாப் புடிச்சீங்கம்மா. கண்ணு தாள் மேல இருக்கணும்னு நான் சேத்துச் சொல்லியிருக்கணும். வாக்கியமா வரலன்னா விரலாலத் தொட்டுக் காட்டச் சொல்லலாம், அதுவும் பதில்தான்.

இன்னொரு தப்பும் நடக்கும். கேள்வி கிடைச்ச சந்தோஷத்துல வாத்தியார் பாடத்தை முதல் வரியில இருந்து நடத்த ஆரம்பிச்சுடுவார். பையன் தலையாட்டிட்டே இருப்பான், அவன் கேட்ட ஒரு வரி அந்த வெள்ளத்துல போயிடும். இந்தக் கணக்குக்கு 1.9 போட்டுப் பாக்கச் சொல்லுங்க, 3.9 வரும். 2.01 போட்டா 4.01 வரும். "இதுல எங்கயாவது x 2 ஆச்சா?"ன்னு கேட்டா போதும். 2-ஐ நெருங்குறோம், தொடல, அதனால (x − 2) பூஜ்யம் இல்ல, அடிக்கலாம்னு அவனே சொல்லிடுவான்.

வேலூர்_சித்தப்பா: கணக்குல சந்தேகமே இல்லன்னா? ஃபீஸ் கட்ட முடியல, வீட்ல வேலைக்குப் போகச் சொல்றாங்கன்னு வந்திருந்தா?

ஆம்பூர்_டீச்சர்: அதுக்கும் அடையாளம் உண்டு. கணக்கைத் தடங்கல் இல்லாம போட்டு முடிச்சிட்டு "அவ்ளோதான் சார்"னுவான், ஆனா எழுந்திருக்க மாட்டான். பக்கத்து மேஜைக்காரர் வெளிய போனா நிமிர்ந்து பாப்பான். அப்ப ஸ்டாஃப் ரூம்ல வச்சுக் கேக்கவே கூடாது. "பஸ்ஸுக்கு நேரமாச்சா, வா நானும் வரேன்"னு வராண்டாவுல கூட நடங்க. பக்கத்துல நடக்கிறப்போ முகத்தைப் பாக்க வேண்டியதில்ல, ஸ்கூல் கேட் வர்றதுக்குள்ள பேச்சு வந்துடும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் முன்கூட்டி வாக்குக் குடுக்காதீங்க. அடி, தொல்லைன்னு எதாவது வந்தா தலைமை ஆசிரியருக்கும் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லியே ஆகணும்.

ராணிப்பேட்டை_கறார்: வராண்டா நடையெல்லாம் பொண்ணுன்னா ஆண் வாத்தியாருக்கு சரிப்படுமா? ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஆம்பூர்_டீச்சர்: திறந்த வராண்டா, எல்லார் கண்ணுக்கும் படற இடம், ஆனா காதுக்கு எட்டாத தூரம். அதுதான் ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு. இல்லன்னா பெண் ஆசிரியர் ஒருத்தரைக் கூட வச்சுக்கலாம். ஆனா அவங்க வந்து நின்னதுமே அந்தப் பொண்ணு வாயை மூடிக்கும், அதையும் சொல்லிடறேன்.

குடியாத்தம்_கணக்கு: எங்க ரூம்ல ஆறு மேஜைங்க, ஸ்டூல் போட இடமே இல்ல. ஜன்னல் திண்ணைதான் இருக்கு.

காட்பாடி_வாத்தியார்: அது இன்னும் நல்லது. தாளைத் திண்ணை மேல வச்சு ரெண்டு பேரும் நின்னே போடுங்க. முதுகு ரூம் பக்கம் இருக்கட்டும்.

ராணிப்பேட்டை_கறார்: ஒரு பையனுக்கு இவ்வளவா? வகுப்புல அறுபது பேர் இருக்காங்க சார்.

குடியாத்தம்_கணக்கு: வந்து நிக்கிறது ஒருத்தன்தான் சார். வியாழக்கிழமை வருவான், தாள் எடுத்து வச்சாச்சு.