கன்வஸ் நிறம்: முறைப்பாட்டுக் கடிதத்துக்கு ஒரு சொல் வேண்டும்

கல்லடி, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காகக் கல்லடிப் பழைய பாலத்தின் படமொன்றை ஓவியம் போல மாற்றி, கொழும்பிலுள்ள ஒரு இணைய அச்சுக்கடையில் 24×36 அங்குலக் கன்வஸாக எடுப்பித்தேன். பெட்டியைப் பிரித்ததும் முகம் சுருங்கிப்போச்சு. திரையில் பளீரென்று நின்ற வாவியின் நீலப்பச்சை, கழுவின சட்டை மாதிரிக் கிடக்குது. பாலத்தின் சாம்பல் இரும்பிலும் ரோசா நிறம் ஏறியிருக்குது.

கடைக்கு எழுதினேன். "திரைக்கும் அச்சுக்கும் நிற வேறுபாடு இயல்பு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மீள அச்சிட்டுத் தரும்படி தமிழிலேயே இன்னொரு கடிதம் எழுத நினைக்கிறேன். "நிறம் மாறிவிட்டது" என்றால் திரும்பவும் அதே ஒரு வரிதான் வரும். சரியான சொல் என்ன?

ஆரையம்பதி, திங்கள் இரவு

பிள்ளை, அச்சு இயந்திரம் தரக்கூடிய நிறங்களின் பரப்பை "நிறவீச்சு" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீச்சு என்றால் ஓ/எல் கணிதம் படித்த எவருக்கும் விளங்கும்: ஆகக்கூடியதிலிருந்து ஆகக்குறைந்ததைக் கழித்தால் வருவது. "உங்கள் அச்சின் நிறவீச்சு போதாது" என்று எழுதுங்கள். வண்ணமா நிறமா என்ற பழைய சண்டையை நான் தொடங்கவில்லை.

திருக்கோவில், செவ்வாய் காலை

எனக்கும் இதே கதைதான். கோயில் திருவிழாவுக்கு அடித்த பிளெக்ஸ் ஆறு மாதத்தில் வெளுத்து, முருகன்ட சிவப்பெல்லாம் செம்மஞ்சளாப் போச்சு. "நிற மங்கல்" என்று போடுங்க, விளங்கும்.

கல்முனை, செவ்வாய் மதியம்

திருக்கோவில் தம்பி, உங்கட பிளெக்ஸ் வெயிலில் வெளுத்தது. அது அச்சடித்த பிறகு நடந்த விஷயம். தங்கச்சியின்ட கன்வஸ் பெட்டியை விட்டு வரும்போதே அப்படி. மங்கல் என்று எழுதினால் "எத்தனை மாதம் வெயிலில் வைத்தீர்கள்" என்று கேட்பான்.

ஆரையம்பதி மாஸ்டர் சொன்ன நிறவீச்சு பிழையில்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் அது கடைக்காரனைத்தான் காப்பாற்றும். நான் பதினாலு வருசமா இங்க்ஜெட் ஓட்டுறவன், அதனால் சொல்றன். தங்கச்சியின்ட படத்தில் நடந்தது ஒண்டல்ல, ரெண்டு.

முதலாவது வாவி. திரை வெளிச்சத்தை உமிழுது. மை, விழுகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தைத் திருப்பித் தருது. பளீரென்ற நீலப்பச்சையை மையால் அந்த வெளிச்சத்தோடு தரவே ஏலாது. மினுக்கமில்லாத கன்வஸில் இன்னும் குறையும். ஓவியமாக்கும் பில்டர் நிறத்தைத் தூக்கிவிடும், ஆகவே இந்த வகைப் படத்துக்கு இது அடிக்கடி நடக்கும். இதில் கடைக்காரனில் குற்றமில்லை.

ரெண்டாவது பாலம். சாம்பல் எந்த மைக்கும் எட்டுகிற நிறம். அது ரோசாவானால் எங்கேயோ பிழை நடந்திருக்கு. எந்த நிறத்துக்கு எந்த மை எவ்வளவு என்று இயந்திரத்துக்குச் சொல்றது புரொபைல். கன்வஸுக்கு உரிய புரொபைலை விட்டுட்டு போட்டோப் பேப்பருக்கு உரியதைப் போட்டால் இப்படி ஆகும். சயன் மையின் துளை அடைபட்டாலும் ஆகும், ஆனால் அப்போ பெரும்பாலும் கன்வஸில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். கோடு தெரியுதா?

கல்லடி, செவ்வாய் மாலை

கோடு இல்லை நானா. முழுவதும் ஒரே சீராக ரோசா. வாவிக்குத்தான் நான் இவ்வளவு சண்டை பிடித்திருக்கிறேன் என்று இப்போ விளங்குது.

மட்டக்களப்பு நகர், செவ்வாய் இரவு

இதெல்லாம் தேவையில்லை. திரைக்குரிய `sRGB` கோப்பை, பிரஸின் நாலு மைக்குரிய `CMYK` ஆக மாற்றி அனுப்பியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. நான் எப்போதும் அப்படித்தான்.

கல்முனை, செவ்வாய் இரவு

ஒப்செற் பிரஸுக்கு அனுப்பும்போது நீங்கள் சொல்றது சரி. கன்வஸ் அடிக்கிற இயந்திரத்தில் நாலு மைக்கு மேல் இருக்கும், அநேக கடைகள் `sRGB` தான் கேட்கும். பிரஸுக்குரிய `CMYK` ஆக மாற்றினால், அந்த மேலதிக மைகள் தரக்கூடியதையும் நாமே வெட்டிப்போட்டு அனுப்புறம். ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோட ஒத்துப்போறன்: அனுப்ப முன்னமே பார்த்திருக்கலாம். போட்டோஷொப்பில் கடையின்ட புரொபைலைப் போட்டு `Gamut Warning` ஐத் தட்டினால், எட்டாத இடமெல்லாம் தட்டைச் சாம்பலாகிக் காட்டும்.

தங்கச்சி, கோப்பைத் திறந்து ரெண்டு இடத்தில் எண்ணைப் பாருங்க.

கல்லடி, புதன் காலை

வாவி:

```
R 0  G 230  B 225
```

பாலம்:

```
R 122  G 123  B 122
```

கல்முனை, புதன் காலை

வேறென்ன வேணும்? பாலத்தில் மூன்று எண்ணும் கிட்டத்தட்ட ஒண்டு, கோப்பில் அது சுத்தச் சாம்பல். கன்வஸைப் பகலில் விறாந்தை நிழலில் வையுங்க, மஞ்சள் பல்புக்குக் கீழே வேணாம். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ரெண்டையும் ஒரே படத்தில் எடுங்க. தாள் இல்லாட்டி போன் தன் பாட்டில் நிறத்தைத் திருத்திவிடும், ரோசா காணாமல் போயிடும். தாள் வெள்ளையாகவும் பாலம் ரோசாவாகவும் தெரிஞ்சால் அது பேசும். கன்வஸின்ட வெள்ளை தாளை விடக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், அதைக் குறையாச் சொல்லாதீங்க.

ஆரையம்பதி, புதன் மதியம்

அப்படியானால் எனது நிறவீச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன். கல்முனையார் "எட்டுகிற", "எட்டாத" என்று இரண்டு தரம் எழுதிவிட்டார், சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. வாவிக்கு "மையெட்டா நிறம்" என்று போடுங்கள். எட்டாக்கனி தெரிந்த எவருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

பாலத்துக்கு "நிறச்சாய்வு" பொருந்துமா? சாம்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

மட்டக்களப்பு நகர், புதன் மதியம்

மென்பொருள் தமிழாக்கங்களில் சாய்வு என்றால் ஒரு நிறம் இன்னொன்றாகப் படிப்படியாக மாறுவது. குழப்பம் வரும். "நிறமேறல்" நல்லது, தங்கச்சியும் முதல் மடலில் "ரோசா நிறம் ஏறியிருக்குது" என்றுதான் எழுதினா.

கல்முனை, புதன் மாலை

எங்கட கடையில் "மஜந்தா கூடிட்டு" என்போம். துணிக்குச் சாயம் போடுறவங்க நிறம் ஏறுவதை நல்லதாச் சொல்லுவாங்க, அதுதான் யோசனை.

கல்லடி, புதன் இரவு

சண்டை முடியும் வரை காத்திருக்க ஏலாது, அப்பாவின் பிறந்தநாள் வந்திட்டுது. கடிதத்தை இப்படி எழுதி அனுப்பிட்டேன்:

"வாவியின் நீலப்பச்சை உங்கள் மைக்கு எட்டா நிறம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அதற்காக மீள அச்சிடக் கேட்கவில்லை. பாலம் கோப்பில் 122, 123, 122 என்ற சுத்தச் சாம்பல். கன்வஸில் அதில் ரோசா ஏறியுள்ளது. வெள்ளைத் தாளுடன் பகல் நிழலில் எடுத்த படத்தையும் ஓடர் இலக்கத்தையும் இணைத்துள்ளேன். இந்தக் கன்வஸுக்கு எந்தப் புரொபைலைப் பாவித்தீர்கள் எனத் தெரிவிக்கவும். மீள அச்சிட முன்னர், பாலமும் வாவியும் சேர்ந்த பகுதியை நாலு அங்குலத் துண்டாக அடித்து அனுப்பவும்."

கல்லடி, வெள்ளி காலை

துண்டு அடித்து அனுப்புறார்களாம். புரொபைல் கேள்விக்குப் பதில் இல்லை. வாவியை நானே கொஞ்சம் தணித்து, புதுக் கோப்பும் அனுப்பியிருக்கிறேன்.

ஆரையம்பதி, வெள்ளி காலை

நல்லது பிள்ளை. கோப்பில் தணித்ததற்கு என்ன சொல் பாவித்தீர்கள்?