வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நானும் என் நண்பரும் ஏழு மாதமாக வேளச்சேரியில் சேர்ந்து வாழ்கிறோம். கல்யாணம் ஆகவில்லை. வீடு பார்த்தபோது புரோக்கர், "கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டோம். தப்பு அங்கேதான்.

போன வாரம் ஓனர் அம்மா என் ஆதாரை வாங்கிப் பார்த்தார். அதில் அப்பா பெயரும் ஊர் முகவரியும்தான். "பத்திரிகையாவது காட்டும்மா" என்றார். உண்மையைச் சொன்னேன். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

11 மாத ஒப்பந்தம் என் நண்பர் பெயரில் மட்டும் இருக்கிறது, பதிவும் செய்யவில்லை. அட்வான்ஸ் 90,000 ரூபாயில் பாதி என் கணக்கிலிருந்து போனது. நல்லவேளை, வங்கிப் பரிமாற்றம். ஆனால் ரசீதில் என் பெயர் இல்லை.

மேஜரான இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று 2010-ல் குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். அதைக் காட்டினால் போலீஸ் வேண்டுமானால் கேட்கும், ஓனர் சாவி தரமாட்டார்.

அடுத்த வீட்டுக்கு உண்மையைச் சொல்லித்தான் போகப் போகிறோம். இருவரையும் வாடகைதாரர்களாகப் போட்டு, 2017 வாடகைச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் உண்டா? உறவு என்னவென்று எழுதினீர்கள்? இப்போதைய அட்வான்ஸை நான் தனியாகக் கேட்க முடியுமா, நண்பர்தான் கேட்க வேண்டுமா? வேளச்சேரி, தரமணி, பெருங்குடி பக்கம் இதைப் பெரிதுபடுத்தாத ஓனர் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

"சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கோங்க" என்பதை அம்மா தினமும் சொல்கிறார், அது போதும்.