பெரியவீட்டுச் சொந்தங்கள் குழு: 3.6 எம்.எல்-ஆ, 7.5-ஆ?

கவிதா, இரவு 9:12
பாப்பாவுக்கு 101.8 இருக்கு. போன தடவை டாக்டர் பாராசிட்டமால் சிரப் 7.5 எம்.எல் குடுக்கச் சொன்னார். அந்த பாட்டில் தீர்ந்துடுச்சு, இவர் இப்பதான் வேற வாங்கிட்டு வந்தார். அதே அளவு குடுக்கலாம்ல?

செல்வி அத்தை, 9:13
குடும்மா. எல்லாம் பாராசிட்டமால்தானே. எடைக்குத்தான் அளவு, எடை ஒண்ணும் மாறலயே.

மாலா சித்தி, 9:14
கவிதா, இரு, குடுக்காத. லேபிள்ல "5 எம்.எல்-ல இவ்வளவு எம்.ஜி"ன்னு போட்டிருக்கும். ரெண்டு பாட்டில்லயும் பாத்து சொல்லு.

கவிதா, 9:16
பழசுல 120. புதுசுல 250 சித்தி.

மாலா சித்தி, 9:19
அதான் கேட்டேன். அண்ணி சொன்னது பாதி சரி. எடைக்கு ஏத்த மாதிரி வர்றது எம்.ஜி. எத்தனை எம்.எல்-ங்கிறது பாட்டிலைப் பொறுத்து மாறும். பாப்பா என்ன எடை?

கவிதா, 9:19
12 கிலோ. போன வாரம் தடுப்பூசி போட்டப்ப பாத்தாங்க.

மாலா சித்தி, 9:23
கிலோவுக்கு 15 எம்.ஜி வச்சா 180 எம்.ஜி வேணும். பழைய பாட்டில்ல 5 எம்.எல்-க்கு 120, அதாவது 1 எம்.எல்-ல 24. 180-ஐ 24-ஆல வகுத்தா 7.5. டாக்டர் சொன்னதும் அதான். புதுசுல 1 எம்.எல்-லயே 50 இருக்கு. 180-ஐ 50-ஆல வகுத்தா 3.6 எம்.எல்தான். அதுல 7.5 குடுத்தா 375 எம்.ஜி உள்ள போயிடும், ரெண்டு மடங்குக்கும் மேல.

முருகேசன் மாமா, 9:25
நான் 80 கிலோ. அப்ப எனக்கு 1200 வருதே? ரெண்டு நாளா உடம்பு வலி, 650 மாத்திரை ஒண்ணு போட்டும் கேக்கல. ரெண்டா போடவா?

மாலா சித்தி, 9:26
வேண்டாம் அண்ணா. இந்த எடைக் கணக்கு குழந்தைகளுக்கு. பெரியவங்க எவ்வளவு எடை இருந்தாலும் ஒரு வேளைக்கு 1000 தாண்டக் கூடாது. நீங்க ஒண்ணோட நிறுத்துங்க, நாளைக்கு டாக்டரைப் பாருங்க.

செல்வி அத்தை, 9:27
3.6-ஐ ஸ்பூன்ல எப்படி அளக்கறது? முக்கால் ஸ்பூனா?

மாலா சித்தி, 9:29
வீட்டு ஸ்பூன் ஒவ்வொண்ணும் ஒரு அளவு அண்ணி. ஊசி இல்லாத 5 எம்.எல் சிரிஞ்ச் வாங்கச் சொல்லுங்க. சின்னக் கோடு ஒண்ணு 0.2-ஆ இருக்கான்னு பாத்துக்கணும். இருந்தா 3-க்கு அப்புறம் மூணாவது கோடு. பாட்டிலை நல்லா குலுக்கிட்டு எடுக்கணும்.

கவிதா, 9:34
சித்தி, சாயங்காலம் உடம்பு சுட்டுதுன்னு எங்க மாமியார் பழைய பாட்டில்ல மிச்சம் இருந்ததை ஊத்திக் குடுத்தாங்களாம். இப்பதான் இவர் சொல்றார்.

மாலா சித்தி, 9:34
எத்தனை மணிக்கு? எவ்வளவு?

கவிதா, 9:35
தெரியல. அவங்க தூங்கிட்டாங்க.

மாலா சித்தி, 9:36
எழுப்பிக் கேளு. டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னுதானே சொன்னார்? நேரம் தெரியாம குடுக்காத. அதுவரைக்கும் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடு. ரொம்ப சோர்ந்து போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் முழிச்சிருக்கேன்.

கவிதா, 9:36
எழுப்பறேன் சித்தி.