திட்ட நிதியில் இடருக்கென ஒதுக்கும் தொகை: கலைச்சொல் என்ன?

க.ந.: வணக்கம். பழைய நூல்களை மின்னுருவாக்க 18 லட்சம் ரூபாய்க்கு நிதி கேட்கிறோம். கன்டிஞ்சென்சிக்கு ‘எதிர்பாராச் செலவு’ என்று எழுதலாமா? எவ்வளவு வைக்கலாம்?

ரா.: 10% போடுங்கள். எல்லோரும் போடுவதுதான், யாரும் கேட்க மாட்டார்கள்.

வே.மு.: அரசு அலுவலகங்களில் இதற்குச் சாதில்வார் என்ற பழைய சொல் உண்டே. எங்கள் அலுவலகத்தில் தேநீர், தபால், பேப்பர் எல்லாம் அதில்தான் போகும்.

செ.: ஐயா, சாதில்வார் அன்றாடச் சில்லறைச் செலவு. இங்கே கேட்பது வேறு. ‘எதிர்பாராச் செலவு’ என்றால், எதிர்பாராததற்கு எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்பார். இது நடக்கலாம் என்று தெரிந்த இடர்களுக்கான பணம். ‘இடர் ஒதுக்கீடு’ என்பேன்.

10% என்பதும் அப்படித்தான். கேட்டால் பதில் இல்லாததால் முதலில் வெட்டுப்படும். இடர்களைப் பட்டியலிடுங்கள். உங்களுக்கு நான்கு எனக் கொள்வோம்: டாலர் ஏறி ஸ்கேனர் விலை கூடுவது (40,000 ரூபாய், வாய்ப்பு 50%), ஆள் பாதியில் விலகிப் புதியவரைப் பழக்குவது (60,000, 50%), நொறுங்கும் தாள்களை மறுபடி ஸ்கேன் செய்வது (75,000, 40%), கேமரா பழுது (1,00,000, 20%). தொகையை வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சரியாக 1,00,000.

ரா.: அப்போ ஒரு லட்சம் போதும்தானே?

செ.: போதாது. அது சராசரி. நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், செலவு ஒரு லட்சத்துக்குள் அடங்க வாய்ப்பு 59% தான். 1,35,000 வைத்தால் 75%, 1,75,000 என்றால் 91%. நான் 1,35,000 கேட்பேன், அதாவது 7.5%. இடர்கள் பத்து இருபது இருந்தால் சராசரியை ஒட்டியே வைக்கலாம். நான்கே என்றால் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தாலே கவிழ்த்துவிடும்.

தொகையை மற்ற இனங்களுக்குள் ஒளிக்க வேண்டாம். விலைப்புள்ளியில் 3,60,000 இருக்க, பட்டியலில் 4,00,000 என்றிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எல்லா எண்ணிலும் சந்தேகம். தனி வரியாக இப்படி எழுதலாம்: “இடர் ஒதுக்கீடு ரூ.1,35,000. இணைப்பில் உள்ள நான்கு இடர்களுக்கு மட்டும். ஒருங்கிணைப்பாளரின் எழுத்துமூல ஒப்புதலுடன் எடுக்கப்படும். மிஞ்சினால் திருப்பித் தரப்படும்.”

யோ. (யாழ்ப்பாணம்): ‘இடர்’ என்றால் எங்கட பக்கம் வெள்ளம், புயல்தான் நினைவுக்கு வரும். ரிஸ்க்குக்கு ‘இடர்நேர்வு’ என்பம். ‘இடர்நேர்வு ஒதுக்கம்’ பொருந்தாதோ?

செ.: பொருள் துல்லியம்தான். ஆனால் பட்டியலின் சிறு கட்டத்தில் நீளம் இடிக்கும். ஒதுக்கீடா, ஒதுக்கமா என்பதையும் முடிவு செய்யவேண்டும்.

க.ந.: இப்போதைக்கு ‘இடர் ஒதுக்கீடு’ என்றே எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: ஆண்டுதோறும் வரும் சம்பள உயர்வையும் இதில் சேர்க்கலாமா?

செ.: கூடாது. அது வருவது உறுதி. சம்பள வரியிலேயே போடுங்கள்.